பெண் பார்க்க வரும் நாளைத் தள்ளி வைக்க வேண்டுமா? மனம் நோகாமல் கேட்பது எப்படி

2025 ஜூன் 22, ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்குத் திருச்சியிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் கும்பகோணத்தில் இருக்கும் என் அக்கா வீட்டுக்கு வருவதாக இருந்தது. ஜாதகம் பொருந்தி, இரண்டு பக்கமும் போட்டோ பார்த்து, தரகர் மூலம் நாள் குறித்தாகிவிட்டது. 17ஆம் தேதி செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் அத்தானின் சித்தப்பா பாபநாசம் பக்கத்துக் கிராமத்தில் காலமாகிவிட்டார். எண்பத்தாறு வயது, தூக்கத்திலேயே போய்விட்டார். பங்காளி என்பதால் அக்கா வீட்டுக்குத் தீட்டு. ஐந்தே நாளில் மாப்பிள்ளை வீட்டார் வந்து நிற்பார்கள்.

அன்று சாயங்காலம் மாப்பிள்ளையின் அப்பாவுக்குப் போன் பேசியவன் நான், பெண்ணுக்குத் தாய்மாமன். அதற்கு முன்னும் பின்னும் எங்கள் உறவில் இப்படி நாலைந்து தடவை நாள் மாற்றும் பேச்சில் உட்கார்ந்திருக்கிறேன். இரண்டு தடவை அது கெட்டும் போயிருக்கிறது.

ஏன் கெட்டுப் போகிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் ஒரு சம்பந்தம் வேண்டாம் என்றால் யாரும் அப்படியே சொல்வதில்லை. “ஜாதகத்தை இன்னொருத்தர்கிட்ட காட்டணும்”, “ஆடி போகட்டும்”, “பையனுக்கு லீவு கிடைக்கல” என்றுதான் சொல்கிறோம். கேட்பவரும் புரிந்துகொண்டு விலகிவிடுவார். மறுப்பு எப்போதுமே தள்ளிவைப்பு வேஷத்தில்தான் வருகிறது. அதனால் நீங்கள் உண்மையாகவே நாளைத் தள்ளக் கேட்டாலும் எதிர்ப்பக்கத்துக் காதில் அது “வேண்டாம்” என்றே விழும். தட்டிக் கழிக்கிறவர் எதையெல்லாம் செய்ய மாட்டாரோ அதையெல்லாம் நீங்கள் செய்தால்தான் உங்கள் பேச்சு வேறாகத் தெரியும். அவர் காரணத்தை மழுப்புவார், வேறு நாள் சொல்ல மாட்டார், தரகரை விட்டுச் சொல்லச் சொல்வார், கடைசி நேரத்தில் சொல்வார்.

போனை எடுக்கும் முன் காலண்டரை எடுங்கள்

முதல் வேலை, மாற்று நாள் இரண்டைக் கையில் வைத்துக்கொள்வது. “அப்புறம் ஒரு நாள் பார்த்துச் சொல்றோம்” என்று சொன்னால் பாதி உறவு அங்கேயே முடிந்தது. நாள் பார்ப்பது லேசான வேலை இல்லை. எங்கள் கணக்கையே சொல்கிறேன்.

எங்கள் பக்கத்தில் கருமாதி பதினாறாம் நாள். இறந்த 17ஆம் தேதியை முதல் நாளாக வைத்தால் ஜூலை 2. சில சமூகங்களில் பத்தாம் நாளோ பதின்மூன்றாம் நாளோ தீட்டுக் கழியும், அதை அவரவர் வழக்கப்படி எண்ணிக்கொள்ள வேண்டும். அடுத்து வரும் ஞாயிறு ஜூலை 6. ஆனி 22, வளர்பிறை ஏகாதசி, பார்வைக்கு நல்ல நாள். ஆனால் மாப்பிள்ளை ரேவதி நட்சத்திரம், மீன ராசி. அன்று காலையில் சந்திரன் துலாத்தில், அதாவது மீனத்துக்கு எட்டாம் இடத்தில். பையனுக்குச் சந்திராஷ்டமம். இதை நாம் கவனிக்காமல் அந்த நாளைச் சொல்லி, அவர்கள் வீட்டுப் பாட்டி தினசரி காலண்டரைக் கிழிக்கும்போது கண்டுபிடித்தால் என்ன ஆகும்? “எங்க பையனோட ஜாதகத்தைக் கையில வச்சிருக்காங்க, இதைக்கூடப் பார்க்கலையே” என்பார்கள். ஜாதகம் உங்களிடம் இருக்கும்போது அவர்கள் பக்கத்துச் சந்திராஷ்டமத்தை நீங்களே பார்த்து ஒதுக்குவது ஒரு மரியாதை. நமக்கு நம்பிக்கை இல்லை என்பது வேறு விஷயம்.

அதற்கடுத்த ஞாயிறு ஜூலை 13. ஆனி 29, தேய்பிறை திருதியை. தேய்பிறை என்று சிலர் முகம் சுளிப்பார்கள்தான். ஆனால் அதை விட்டால் என்ன நடக்கும் என்று பாருங்கள். ஜூலை 17 ஆடி பிறக்கிறது, பல வீடுகளில் ஆடியில் பெண் பார்க்கவும் வரமாட்டார்கள். ஆகஸ்ட் 17 ஆவணி முதல் தேதி, ஞாயிறு, ஆனால் நவமி. 24ஆம் தேதி காலையில் பிரதமை. 31 அஷ்டமி. செப்டம்பர் 7 பௌர்ணமி, அன்று இரவு சந்திர கிரகணம். 14ஆம் தேதி மறுபடி அஷ்டமி. 17ஆம் தேதி புரட்டாசி வந்துவிடும். ஒரே ஒரு ஞாயிற்றை விட்டால் ஐப்பசி வரைக்கும் ஒழுங்கான ஞாயிறே கிடையாது. நாலு மாதம் காத்திருக்கும் சம்பந்தம் உலகத்தில் இல்லை, அதற்குள் அவர்களுக்கு வேறு நாலு ஜாதகம் வந்திருக்கும்.

அதனால் முதல் நாளாக ஜூலை 13. இரண்டாவதாக ஒரு வாரநாள், செப்டம்பர் 5 வெள்ளிக்கிழமை. மீலாது நபிக்கு அரசு விடுமுறை, வளர்பிறை திரயோதசி. வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை ராகு காலம் என்பதால் காலை ஒன்பது மணிக்கு வரும்படி இருக்க வேண்டும். பத்து வாரம் தாண்டிப் போகும் நாளை நான் விரும்பிச் சொல்லவில்லை. ஆனால் ஒரே நாளை மட்டும் சொன்னால் கட்டளை மாதிரி இருக்கும், இரண்டு சொன்னால்தான் தேர்வு அவர்கள் கையில் போகும்.

இன்னொரு கணக்கும் உண்டு. அதை அக்காவிடம் தனியாகக் கேட்டேன். விரல்விட்டு எண்ணிப் பார்த்து, “பதிமூணு ஆகும்டா” என்றாள். பெண்ணின் மாதவிலக்கு நாள் இடிக்கிறதா என்று முன்கூட்டியே பார்க்காமல் நாள் குறித்துவிட்டு, அப்புறம் இரண்டாம் தடவை தள்ளக் கேட்ட வீடு எனக்குத் தெரியும்.

யார் பேசுவது

நாள் குறித்தவர் தரகராக இருந்தாலும் தள்ளுவதற்குத் தரகரை அனுப்பக்கூடாது. பெரியவர் ஒருவர் நேரடியாகப் பேச வேண்டும். பொதுவாகப் பெண்ணின் அப்பா மாப்பிள்ளையின் அப்பாவிடம். அப்பா இல்லாத வீடு என்றால் பெரியப்பாவோ தாய்மாமனோ. பெண்ணும் பையனும் ஏற்கெனவே நம்பர் வாங்கி வாட்ஸ்அப்பில் பேச ஆரம்பித்திருந்தாலும் இந்தச் செய்தி அவர்கள் வழியாகப் போகக்கூடாது. “பெரியவங்களுக்கு முன்னாடி பசங்களுக்குத் தெரிஞ்சிருக்கு” என்று ஒரு புதுக் கோபம் கிளம்பும்.

சாவுத் தீட்டு என்றால் இதில் ஒரு நுணுக்கம் உண்டு. இறந்த வீட்டில் நின்றுகொண்டு ஒரு நல்ல காரியத்தைப் பற்றிப் பேசுவது அபசகுனம் என்று நினைப்பவர்கள் நிறைய. அத்தான் பேசியிருந்தால் அவர் குரலுக்குப் பின்னால் பறைச் சத்தம் கேட்டிருக்கும். ஆனால் தாய்மாமன் பங்காளி இல்லை, தீட்டு என்னைப் பிடிக்காது. நான் காடு வரைக்கும் போய்விட்டு, வீடு திரும்பி, தலை முழுகி, வேட்டி மாற்றிக்கொண்டு, இரவு ஏழரை மணிக்கு என் வீட்டிலிருந்து போன் செய்தேன். செவ்வாய்க்கிழமை ராகு காலம் மூன்றிலிருந்து நாலரை, அது தாண்டியாயிற்று. விடியற்காலையிலும் இந்த மாதிரிப் போன் போகக்கூடாது. தூங்கி எழுந்ததும் காதில் விழும் முதல் சேதி சாவாக இருக்க எந்த வீட்டாரும் விரும்ப மாட்டார்கள்.

சரி, மறுநாள் சொன்னால் என்ன? சொல்லலாம்தான். ஆனால் மாப்பிள்ளையின் பெரியப்பா தாம்பரத்திலிருந்து சனிக்கிழமை இரவு ரயிலுக்கு டிக்கெட் எடுத்திருந்தது எனக்குத் தெரியும். அப்போதைய விதிப்படி ரயில் கிளம்ப 48 மணி நேரத்துக்கு முன்பே ரத்து செய்தால் ஸ்லீப்பர் டிக்கெட்டுக்கு 120 ரூபாய்தான் பிடித்தார்கள், அதற்குப் பிறகு கால் பங்கு போனது. பணம் பெரிதில்லை. “நம்ம செலவைப் பத்தி யோசிச்சிருக்காங்க” என்பது பெரிது. வேன் பேசியிருப்பார்கள், முன்பணம் கொடுத்திருப்பார்கள், பையன் லீவு சொல்லியிருப்பான். எவ்வளவு சீக்கிரம் தெரிகிறதோ அவ்வளவு சீக்கிரம் இவை எல்லாவற்றையும் அவர்கள் மாற்றிக்கொள்ள முடியும்.

காரணத்தை எந்த அளவுக்குச் சொல்வது

சாவு என்றால் முழுசாகச் சொல்லுங்கள். “வீட்டில் ஒரு துக்கம்” என்று நிறுத்திக்கொண்டால் எதிர்ப்பக்கம் தானாகக் கற்பனை செய்யும். சின்ன வயசுச் சாவா, ஏதாவது தற்கொலையா, குடும்பத்து நோயா என்று மனசு ஓடும். அதைவிட மோசம், “நாம பேச்சு எடுத்ததும் இப்படி ஆயிடுச்சே” என்று சகுனம் பார்க்க ஆரம்பிப்பார்கள். இறந்தவர் யார், பெண்ணுக்கு என்ன முறை, என்ன வயது, எப்படிப் போனார் என்று நாலு வரியில் சொன்னால் அந்தக் கற்பனைக்கு இடமே இருக்காது. எண்பத்தாறு வயது, தூக்கத்தில் போனார் என்றதும் மாப்பிள்ளையின் அப்பா “கல்யாணச் சாவுதான், நிறைஞ்ச வயசு” என்றார். சகுனப் பேச்சு அதோடு முடிந்தது.

மாதவிலக்கு என்றால் அம்மா அம்மாவிடம் பேச வேண்டும். ஆண்கள் நடுவில் வரவே கூடாது. “அன்னைக்குப் பொண்ணுக்குத் தோதுப்படாதுங்க, ஒரு வாரம் தள்ளி வச்சுக்கலாமா” என்றால் அந்தப் பக்கத்து அம்மாவுக்குப் புரிந்துவிடும், மேலே ஒரு கேள்வி வராது. இப்போதெல்லாம் பல வீடுகளில் இதைப் பொருட்படுத்துவதே இல்லை என்பதும் உண்மை. பூஜை அறையில் விளக்கேற்றச் சொல்லும் வீடா, இல்லையா என்று பார்த்துக்கொண்டால் போதும்.

வேலை, லீவு, பரீட்சை என்றால் பெயர் சொல்லிச் சொல்லுங்கள். “லீவு கிடைக்கல” என்ற மொட்டைச் சொல்லுக்கு “பொண்ணு பார்க்கக்கூட லீவு போட முடியாதா” என்பதுதான் பதில். “அந்த ஞாயித்துக்கிழமை பேங்க் பரீட்சை, ஹால் டிக்கெட் வந்துடுச்சு” என்றால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

எந்த நிலையிலும் சொல்லவே கூடாத ஒரு பொய் உண்டு. பெண்ணுக்கோ பையனுக்கோ உடம்பு சரியில்லை என்பது. கேட்கும் நேரத்துக்கு வசதியாக இருக்கும், ஆனால் அழியவே அழியாது. எங்கள் உறவில் ஒரு பெண்ணுக்கு நாள் மாற்ற வேண்டி வந்தபோது தரகர் தன் சாமர்த்தியத்தில் “பொண்ணுக்குக் காய்ச்சல்” என்று சொல்லிவைத்தார். உண்மையில் வீட்டில் பெயின்ட் வேலை முடியவில்லை, அவ்வளவுதான். இரண்டு வாரம் கழித்து மாப்பிள்ளை வீட்டார் எங்கள் தெரு மளிகைக் கடையில் “அந்தப் பொண்ணுக்கு வீசிங் ஏதாவது இருக்கா” என்று விசாரித்தது எங்கள் காதுக்கே வந்தது. அந்த இடம் அமையவில்லை. விசாரித்த கேள்வி மட்டும் தெருவில் தங்கிவிட்டது.

இன்னொரு ஜாதகம் வந்திருக்கிறது, அதைப் பார்த்துவிட்டு இவர்களை வரச் சொல்லலாம் என்பதற்காகத் தள்ளுகிறீர்கள் என்றால், இந்த வழிகாட்டி உங்களுக்கு இல்லை. அதற்கு ஒழுங்கான வார்த்தை கிடையாது. தரகர்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்வார்கள், எப்படியும் தெரிந்துவிடும்.

அந்தப் போன் பேச்சு

நான் பேசியதை முடிந்தவரை அப்படியே எழுதுகிறேன்.

“அண்ணே வணக்கம், கும்பகோணத்துலேர்ந்து பொண்ணோட தாய்மாமன் பேசறேன். இப்பப் பேசலாமா? பக்கத்துல யாரும் இருந்தா அப்புறமாக்கூடக் கூப்பிடறேன்.”

அவர் பேசலாம் என்றதும் சுற்றி வளைக்கவில்லை. “எங்க அத்தானோட சித்தப்பா இன்னைக்கு விடியற்காலம் தவறிட்டாருண்ணே. எண்பத்தாறு வயசு, தூக்கத்துலயே போயிட்டாரு. பங்காளிங்கறதால அக்கா வீட்டுக்குத் தீட்டு. ஞாயித்துக்கிழமை நீங்க வர்றதை நாங்க எவ்வளவு எதிர்பார்த்துட்டு இருந்தோம்னு உங்களுக்குத் தெரியும். அதுல ஒரு மாத்தமும் இல்லை, நாள் மட்டுந்தான் தள்ள வேண்டியிருக்கு.”

காரணத்துக்கும் நாளுக்கும் நடுவில் அந்த “மாத்தமும் இல்லை” வர வேண்டும். பலர் காரணத்தைச் சொல்லிவிட்டு அனுதாபத்தை வாங்கிக்கொண்டு அப்படியே நின்றுவிடுவார்கள். எதிர்ப்பக்கம் “சரிங்க, பார்த்துக்கலாம்” என்று முடித்துவிடும். அதோடு பேச்சு அறுந்தது. அவர்கள் துக்கம் விசாரித்து முடித்ததும் நீங்கள்தான் நாளை எடுக்க வேண்டும்.

“ஜூலை ரெண்டாம் தேதி கருமாதி. ஆறாம் தேதி பார்த்தோம், தம்பிக்குச் சந்திராஷ்டமமா வருது, அதனால விட்டுட்டோம். பதிமூணாம் தேதி ஞாயிறு ஆனிக்குள்ளயே வருது. அது தோதுப்படலைன்னா செப்டம்பர் அஞ்சு வெள்ளிக்கிழமை லீவு நாள். ரெண்டும் நாங்க பார்த்தது. உங்களுக்கு வேற நாள் வசதின்னா அதையே சொல்லுங்க. இப்பவே சொல்லணும்னு இல்லை, வீட்டுல கலந்துக்கிட்டுச் சொல்லுங்க.”

அப்புறம் அவர்கள் பக்கத்துச் சிரமம். “தாம்பரத்துலேர்ந்து பெரியவர் வர டிக்கெட் போட்டிருக்கறதாச் சொன்னீங்க. அவருக்கு நானே ஒரு வார்த்தை பேசட்டுமா, இல்லை நீங்க சொல்லிடறீங்களா?” டிக்கெட் காசு, வேன் முன்பணம் எதையும் கொடுப்பதாகச் சொல்லாதீர்கள், அது அவமானமாகப் போய்விடும். அந்தப் பெரியவருக்குத் தோதான நாளா என்று கேட்பதுதான் அவருக்கு மரியாதை. பல வீடுகளில் முடிவெடுப்பவர் அப்பா இல்லை, அந்த ஊரிலிருந்து வரும் பெரியப்பாதான்.

மன்னிப்பு ஒரே தடவை போதும். “தப்பா நெனச்சுக்காதீங்க” என்று ஐந்து தடவை சொன்னால், தப்பாக நினைக்க ஏதோ இருக்கிறது போல என்று தோன்றிவிடும். இன்னொன்று, “சம்பந்தி” என்று கூப்பிடாதீர்கள். குழைவாகப் பேசும் அவசரத்தில் வாயில் வந்துவிடும். பெண்ணையே பார்க்கவில்லை, அதற்குள் சம்பந்தி என்றால் எதிர்ப்பக்கம் பின்வாங்கும். அண்ணே, ஐயா, சார், அந்த ஊர் வழக்கப்படி ஏதாவது ஒன்று.

மொத்தப் பேச்சு ஆறு நிமிடம்கூட இல்லை.

தரகரும் வாட்ஸ்அப்பும்

போனை வைத்த கையோடு தரகரைக் கூப்பிட வேண்டும். அவருக்கு மறுநாள்தான் தெரிந்தால் “என்னைக் கேக்காம நாள் மாத்திட்டாங்க” என்று அவர் ஒரு பக்கம் சுருங்குவார். தவிர, மாப்பிள்ளை வீட்டார் எப்படியும் அவரைக் கூப்பிட்டு “உண்மையாவே சாவுதானா” என்று கேட்பார்கள். கேட்கத்தான் செய்வார்கள், அதில் தப்பில்லை. அப்போது அவர் வாயிலிருந்து நீங்கள் சொன்ன அதே வயது, அதே உறவு, அதே தேதி வர வேண்டும்.

வாட்ஸ்அப்பில் ஒரு வரி போதும்: நாள், கிழமை, நேரம். அதுவும் அவர்கள் நாளை ஒப்புக்கொண்ட பிறகுதான். அன்று எங்கள் வீட்டுப் பையன் ஒருவன் கண்ணீர் அஞ்சலி போஸ்டரைப் படமெடுத்து, “அவங்களுக்கு அனுப்பிடட்டுமா மாமா, நம்பிக்கை வரும்ல” என்றான். கல்யாணப் பேச்சு நடக்கும் போனுக்குள் மாலை போட்ட படம் போகக்கூடாது என்று பிடுங்கி வைத்தேன். ஸ்டேட்டஸும் கவனம். தீட்டு என்று சொல்லிவிட்டு அதே ஞாயிற்றுக்கிழமை பெண் தோழியின் வளைகாப்பில் பட்டுப் புடவையோடு நிற்கும் போட்டோ போனால், அதற்கு மேல் எந்த விளக்கமும் எடுபடாது.

பதிலைப் புரிந்துகொள்வது

அவர்கள் கேள்வி கேட்டால் நல்லது. காடு எத்தனை மணிக்கு, பிள்ளைகள் எல்லாம் வந்துவிட்டார்களா என்று விசாரிப்பவர்கள் உறவை விடவில்லை. எங்கள் விஷயத்தில் மறுநாள் சாயங்காலம் மாப்பிள்ளையின் அம்மா அக்காவுக்கே போன் செய்து துக்கம் விசாரித்தார். அதோடு எனக்குக் கவலை விட்டது. பெண் பார்க்க வரும் நாளில் துக்கம் கேட்க முடியாது, நல்ல காரியத்துக்கு வந்த இடத்தில் அதை எடுக்கக்கூடாது. அதை முன்கூட்டியே போனில் முடித்துவைத்தவர் நிச்சயம் வரப்போகிறவர்.

“சரிங்க, நாங்க அப்புறம் சொல்றோம்” என்று மட்டும் வந்தால் நாலைந்து நாள் விடுங்கள். பிறகு ஒரே ஒரு போன். அதிலும் நாளைப் பற்றியே கேளுங்கள், “கோபமா இருக்கீங்களா” என்று ஆரம்பிக்காதீர்கள். அப்போதும் நழுவினால் நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான். ஜாதகத்தையும் போட்டோவையும் திருப்பிக் கேட்டால் முடிந்துவிட்டது என்று அர்த்தம், பேசாமல் கொடுத்துவிடுங்கள்.

கோபமாகவே பேசிவிட்டால்? “எங்க பக்கம் எல்லாருக்கும் சொல்லியாச்சு, இப்பப் போயி...” என்று ஆரம்பித்தால் குறுக்கே போகாமல் கேளுங்கள். சொல்லித் தீர்த்தால் தணியும். பதிலுக்குப் பதில் “சாவு சொல்லிட்டா வருது” என்று ஒரு வார்த்தை விட்டால் போதும், அதைத்தான் அவர்கள் பத்து வருடம் சொல்லிக் காட்டுவார்கள்.

மாப்பிள்ளை வீட்டார் தள்ளக் கேட்பதாக இருந்தால்

இது இன்னும் கனமான விஷயம். பெண் வீட்டார் தள்ளினால் நட்டம் வேன் முன்பணம். மாப்பிள்ளை வீட்டார் தள்ளினால் பெண்ணுக்குத்தான் பேச்சு. பக்கத்து வீட்டில் நாலு நாற்காலி கேட்டிருப்பார்கள், ஓரகத்தி வந்து தங்கியிருப்பாள், தெருவுக்கே தெரியும். “வர்றேன்னாங்க, வரலையாமே” என்ற ஒரு வரி அந்தப் பெண் மேல் ஒட்டிக்கொள்ளும். அதனால் இங்கே அப்பா போனோடு அம்மா போனும் சேர்ந்து போக வேண்டும். மாற்று நாளும் மிக அருகில் இருக்க வேண்டும், முடிந்தால் அடுத்த ஞாயிறே.

அன்று காலையிலேயே ஏதாவது ஆகிவிட்டால், அதாவது வழியில் வண்டி படுத்துவிட்டது, பையனை அவசரமாக ஆபீஸில் பிடித்துக்கொண்டார்கள் என்றால், முழுசாக ரத்து செய்யாதீர்கள். துக்கம் இல்லாத பட்சத்தில் பையனின் அப்பா அம்மாவோ, அத்தையும் மாமாவுமோ இரண்டு பேராவது பூவும் பழமும் எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்து காபி குடித்துவிட்டு வரலாம். கேசரி கிளறி, பஜ்ஜிக்கு வாழைக்காய் சீவி வைத்திருக்கும் வீட்டில் யாராவது சாப்பிட்டாக வேண்டும். “பெரியவங்க வந்து பார்த்துட்டுப் போனாங்க, தம்பி அடுத்த வாரம் வர்றாரு” என்று அந்த அம்மாவும் தெருவில் தலைநிமிர்ந்து சொல்லிக்கொள்வார்.

புது நாள் வரைக்கும்

மாப்பிள்ளை வீட்டார் ஜூலை 13ஐயே எடுத்துக்கொண்டார்கள். தேய்பிறை பற்றி ஒரு கேள்வி வந்தது, பெரியப்பாவிடமிருந்துதான். “பார்க்கறதுக்கு என்ன வளர்பிறை தேய்பிறை, பூ வைக்கறப்ப பார்த்துக்கலாம்” என்று அவரே பதிலும் சொல்லிக்கொண்டார்.

பதினாறாம் நாள் முடிந்ததும் அத்தான் ஒரு தடவை பேசினார். தீட்டுக் கழிந்த பிறகு வீட்டுத் தலைவர் குரல் அங்கே கேட்க வேண்டும், கடைசிவரை தாய்மாமனே பேசிக்கொண்டிருக்கக்கூடாது. 9ஆம் தேதி புதன்கிழமை அக்கா மாப்பிள்ளையின் அம்மாவுக்குப் போன் செய்து எத்தனை பேர், காரம் ஒத்துக்கொள்ளுமா, சர்க்கரை உள்ளவர்கள் யாராவது வருகிறார்களா என்று கேட்டாள். நாள் உறுதிதானா என்று நேரடியாகக் கேட்காமலே உறுதியாகிவிட்டது.

இரண்டாவது தடவை தள்ள வேண்டி வந்தால் அதைப் போனில் முடிக்காதீர்கள். வெற்றிலை பாக்கு பழத்தோடு ஒரு பெரியவர் அவர்கள் வீட்டுக்கு நேரில் போக வேண்டும். மூன்றாவது தடவை என்று ஒன்று கிடையாது.

13ஆம் தேதி பத்தே முக்காலுக்கு வேன் வந்தது, பதினோரு பேர். ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு மணிக்கு எமகண்டம் ஆரம்பம் என்பதால் அதற்குள் பெண்ணை அழைத்து வந்து நமஸ்காரம் செய்யவைத்துவிட வேண்டும் என்று அக்காவிடம் முதல் நாளே சொல்லியிருந்தேன். நாள் தள்ளியதைப் பற்றி நாங்களும் எடுக்கவில்லை, அவர்களும் எடுக்கவில்லை. கூடத்தில் பத்துப் பேர் நடுவே மறுபடி மன்னிப்புக் கேட்க ஆரம்பித்த அத்தானை நான்தான் “காபி ஆறுது” என்று இழுத்துக்கொண்டு போனேன்.

அந்தச் சம்பந்தம் அமையவில்லை. பையனுக்கு வெளிநாட்டு வேலை வந்தது, பெண் போக மாட்டேன் என்றாள். அதை அவர்களிடம் வேண்டாம் என்றே சொன்னோம், வேறு வேஷம் போடவில்லை. தீபாவளி கழிந்து மாப்பிள்ளையின் அம்மா அக்காவுக்குப் போன் செய்தார். அவருடைய நாத்தனார் மகன், தஞ்சாவூரிலேயே வேலை, ஜாதகம் அனுப்பட்டுமா என்று கேட்டார்.